தோணி கரையேறியதை மட்டும்

பெட்டிசம், அதாவது மனு, எழுதுகிறவர்களுக்கு ஒரு கொழுப்பு உண்டு. வந்தவர் அரை மணித்தியாலம் அழுது, மூக்கைச் சிந்தி, பக்கத்து வீட்டு ஆட்டில் தொடங்கி மச்சானின் வேலிச் சண்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்து சொன்னதை இவர்கள் நாலு வரியில் அடக்கிவிடுவார்கள். அடக்கிவிட்டுப் பேனையைக் கீழே வைத்து, இவ்வளவுதானே நீங்கள் சொல்ல வந்தது என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு அதை உரத்து வாசித்துக் காட்டுவார்கள். தன்னுடைய துயரம் இப்படி நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்ட மயக்கத்தில் வந்தவரும் தலையாட்டிவிடுவார்.

மன்னார்க் கச்சேரிக்கு, அரசாங்க ஏசண்டுத் துரையின் அலுவலகத்துக்கு, முன்னால் மேசை போட்டிருந்த பெனடிக்ற்றிடமும் அந்தக் கொழுப்பு தாராளமாக இருந்தது. அவன் எழுதிய பெட்டிசத்தைப் பார்த்து ஏசண்டுத் துரையின் கந்தோரிலேயே மெச்சினார்கள் என்று ஒரு கதை. அதைப் பரப்பியவர்களில் அவனும் ஒருவன். வயது முப்பதைத் தாண்டியும் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "எழுத்து வேலை கூடிப்போச்சு" என்பான். அது பொய். அவன் பிரான்சிஸ்காவை நினைத்துக்கொண்டிருந்தான்.

பிரான்சிஸ்கா மன்னார்த் தீவின் கரையில் உள்ள ஓலைத்தொடுவாய்க்காரி. அவளுடைய புருசன் சந்தியோகு ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் தனி ஆளாகத் தோணி தள்ளிக்கொண்டு போனவன். மத்தியானம் வானம் கறுத்துக் காற்று அடித்தது. மற்றத் தோணிகள் எல்லாம் பின்னேரத்துக்குள் திரும்பிவிட்டன. அவனுடைய தோணி மட்டும் கடலுக்கு அப்பால் பெருநிலத்து இலுப்பைக்கடவைக் கரையில் அடுத்த நாள் காலையில் வெறுமையாகக் கிடந்தது. அங்கேயுள்ளவர்கள் கண்டது அவ்வளவுதான். சடலம் எங்கேயும் ஒதுங்கவில்லை. கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவள் அழவில்லை, கறுப்பு உடுக்கவில்லை. இலுப்பைக்கடவைக்குப் போய்த் தோணியைப் பற்றி விசாரித்துவிட்டு நேரே பெனடிக்ற்றின் மேசைக்கு வந்தாள்.

"அவரை ஆராவது ஏத்திக்கொண்டு போயிருக்கலாம். தலைமன்னாருக்கு எழுதுங்கோ," என்றாள்.

எழுதினான். தலைமன்னார் இறங்குதுறைக்கு, இக்கரை தாண்டித் தனுஷ்கோடிக்கு, தூத்துக்குடியில் உள்ள ஒரு கப்பல் கொம்பனிக்கு, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு என்று வருடக்கணக்காக எழுதினான். ஒவ்வொரு முறையும் அவள் ஆளின் அடையாளம் சொல்வாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு. சிரித்தால் ஒரு பக்கம் வாய் கோணும். பாட்டு வராது, ஆனாலும் பாடுவார். பாட்டைப் பெட்டிசத்தில் போட வேண்டியதில்லை என்று பெனடிக்ற் சொல்லுவான். சொல்லிவிட்டு, இப்படி ஒருத்தி தன்னைப் பற்றி, தன் கோணல் வாயைப் பற்றி, ஊருக்கெல்லாம் எழுதித் தேடினால் எப்படி இருக்கும் என்று அவள் போன பிறகு யோசித்துக்கொண்டு இருப்பான். இன்னொருவனுக்கான ஏக்கத்தைத் தன் கையால் எழுதி எழுதியே அவனுக்கு அந்த நோய் பிடித்தது. அவளுடைய ஏக்கத்துக்குச் சொல் தேடியவன் தன்னுடையதுக்கு ஒரு சொல்லும் கிடைக்காமல் பேய்போல் நின்றான்.

கடைசியில் அவளுடைய தமையன் அந்தோனிமுத்துவிடம் பெண் கேட்டான். தமையனுக்குச் சந்தோசம். ஆனால் பங்குச் சுவாமியார் திருச்சபைச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். ஆள் காணாமல் போய் எத்தனை வருடம் ஆனாலும் அது மட்டும் போதாது. இறந்தான் என்பதற்கு நம்பத்தக்க சாட்சி வேண்டும். சாட்சியத்தை யாழ்ப்பாணத்து ஆயரான மேற்றிராணியாருக்கு அனுப்பி, அங்கிருந்து உத்தரவு வந்தால்தான் இரண்டாம் கலியாணம். பிரான்சிஸ்காவும் ஏறத்தாழ அதையேதான் சொன்னாள்.

"அவர் போயிட்டார் எண்டு கண்டவர் ஒருத்தர் வந்து சொல்லட்டும். பிறகு பாப்பம்."

அப்படி ஒருவர் கிடைத்தார். முஹைதீன் என்று முசலிப் பக்கத்து வியாபாரி, கருவாடும் நெல்லுமாக மாட்டு வண்டியோடு வடக்குக் கரை வீதியில் போய்வருகிறவர். அந்தக் காற்று அடித்த நாள் பொழுதுபடுகிற நேரம் தான் இலுப்பைக்கடவையால் போனதாகவும், ஒரு தோணி வந்து கரையேறியதைக் கண்டதாகவும் அவர் சந்தையில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். மறுநாளே வண்டியைத் திருப்பிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டதால் அவரை அந்த நாளில் யாரும் விசாரிக்கவில்லை. அந்தோனிமுத்து அவரைத் தேடிப் பிடித்துச் கோயிலடியில் சுவாமியார் குடியிருந்த அறைவீட்டுக்குக் கூட்டிவந்தான்.

சுவாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம் போலவே பேசுவார். எழுத்து மட்டும் கோழி கிண்டியது போல இருக்கும். வழக்கமாக எழுதுகிற உபதேசியார் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"கேள்விகளை நான் கேட்பேன். நீ எழுது," என்றார் பெனடிக்ற்றிடம். "இந்தக் காரியத்தில் உனக்குப் பங்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உன்னை நம்புகிறேன்."

முஹைதீன் அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்கினார். அவருடைய கதை நெல் விலையில் தொடங்கியது. மாட்டுக்குக் கால் நொண்டியது, கடற்காற்றில் வண்டிக் கூடாரம் பறந்தது, பிறகு மஃரிப் தொழுகை நேரம் நெருங்கியது. அந்த நேரத்தில் தோணி வந்தது. "பாய் கிழிஞ்சு தொங்குது. முன் அணியம் சேத்தில முட்டினதைக் கண்டனான். சந்தியோகுட தோணிதான், மஞ்சள் கோடு எனக்குத் தெரியும், எத்தினை தரம் அவரிட்ட மீன் வாங்கினனான். அவ்வளவுதான். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது."

பெனடிக்ற் அடக்கினான். நெல் போயிற்று, நொண்டி மாடு போயிற்று. 'அவ்வளவுதான், வேற ஒண்டும் தெரியாது' என்பதையெல்லாம் ஒரே ஒரு 'மட்டும்' ஆக்கி, வாக்கியம் அழகாக விழுகிற இடத்தில் போட்டான். 'அன்று மாலை சந்தியோகுவின் தோணி மட்டும் கரையேறியதை நான் கண்டேன்.' வாசித்துக் காட்டினான். முஹைதீன் தலையாட்டிக் கையெழுத்து வைத்தார்.

அந்த வாக்கியத்தை அந்தோனிமுத்து வீட்டில் போய்ச் சொன்னான். தோணி மட்டும் வந்ததாம் தங்கச்சி, ஆள் இல்லையாம், கண்ணால் கண்டவர் சொல்லுறார். அன்றைக்குத்தான் பிரான்சிஸ்கா அழுதாள். மாக்கிறட், அந்தோனிமுத்துவின் பெண்சாதி, மச்சாளைப் பிடித்துவைக்கக் கஷ்டப்பட்டதாகக் கேள்வி. கறுப்பு உடுத்தினாள். ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பெட்டிசம் எழுத வருவதை நிறுத்தினாள். சில மாதம் கழித்துப் பெனடிக்ற் ஓலைத்தொடுவாய்க்குப் போய் முற்றத்தில் நின்றபோது, அவள் வலையைப் பார்த்துக்கொண்டே, "ஓம்," என்றாள். "உத்தரவு வரட்டும். எனக்குச் சம்மதம்."

அந்த 'ஓம்' எப்படிப்பட்டது என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். களைத்துப்போன ஆள் கதிரையில் இருப்பது போல அவள் அதற்குள் இருந்தாள். பெனடிக்ற்றுக்கு யோசிக்க நேரமில்லை. அவன் மன்னார் வரைக்கும் நடந்தே வந்தான். கால் நோகவில்லை.

புயலைப் பற்றி மற்ற மீனவர்கள் சொன்ன சாட்சியங்களும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும். பெனடிக்ற் நல்ல தாளில், நல்ல மையில் பிரதி எடுத்தான். இனி ஒத்துப்பார்க்கிற வேலை. மூலத்தைச் சுவாமியார் கையில் வைத்திருக்க, பிரதியைப் பெனடிக்ற் உரத்து வாசிக்க வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் அந்த இடத்தில் நிறுத்தித் திருத்த வேண்டும்.

"அன்று மாலை சந்தியோகுவின் தோணி கரையேறியதை மட்டும் நான் கண்டேன்," என்று பெனடிக்ற் வாசித்தான்.

"நில்," என்றார் சுவாமியார். விரலை மூலத்தில் வைத்தார். "இங்கே 'தோணி மட்டும் கரையேறியதை' என்று இருக்கிறது."

பெனடிக்ற் தன் பிரதியைப் பார்த்தான். அவனுடைய கையெழுத்துத்தான். 'கரையேறியதை மட்டும்' என்றுதான் இருந்தது. பிரதி எடுக்கிறவன் சில வேளை தாளைப் பார்த்து எழுதுவதில்லை, காதில் நிற்கிற குரலைக் கேட்டு எழுதுவான். அவனுடைய காதில் முஹைதீன் நின்றிருக்கிறார். அவ்வளவுதான், வேற ஒண்டும் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு.

"பொருளில் பெரிய வேற்றுமை இல்லை என்று நினைக்கிறேன்," என்றார் சுவாமியார். "எப்படியும் பிரதி மூலத்தைப் போலவே இருக்க வேண்டும். சாட்சி கையொப்பம் வைத்தது மூலத்தில். பிரதியைத் திருத்து."

நியாயமான பேச்சு. சட்டமும் அதுதான். பெனடிக்ற் பேனையை எடுத்தான். 'கரையேறியதை' என்பதற்குப் பின்னால் நின்ற 'மட்டும்' என்பதை அடித்து, 'தோணி' என்பதற்குப் பின்னால் மேலே எழுதி, ஓரத்தில் கையெழுத்து வைத்தான். அவன் செய்தது சரிதானே. சரியான காரியம் ஒன்று தனக்கும் சாதகமாக இருந்தால் அதில் என்ன பிழை? இப்படித் தனக்குத்தானே நல்ல பெட்டிசம் ஒன்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஆனால் சோற்றுக்கு முன்னால் இருந்தும் அந்த இரண்டு வாக்கியங்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். வேற்றுமை இல்லையாம்! சுவாமியாருக்குத் தமிழ் தெரியும், ஆனால் அந்தக் கரை தெரியாது. தோணி மட்டும் கரையேறியது என்றால், உள்ளே ஆள் இல்லை. சந்தியோகு நடுக்கடலில் போய்விட்டான், கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. தோணி கரையேறியதை மட்டும் கண்டேன் என்றால், கண்டது அந்த ஒன்றைத்தான். உள்ளே ஆள் இருந்தானா, இறங்கினானா, நடந்தானா, அதைப் பற்றி அந்த மனுசன் ஒன்றும் சொல்லவே இல்லை. விடிய வெறுமையாகக் கிடந்த தோணி இரண்டுக்கும் பொருந்தும். ஒரு சொல் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றதால் ஒருவன் செத்துப்போனான். அவனுக்குப் பூசையும் முடிந்துவிட்டது. செத்தவனுடைய பெண்சாதி இவனுக்கு ஓம் சொல்லிவிட்டாள்.

சந்தியோகு உண்மையில் செத்துத்தான் போயிருப்பான். கடலை அறிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் என்ன, அந்தக் கடதாசியை அப்படியே விடலாமே? விட்டால் உத்தரவு வரும், கலியாணம் நடக்கும், ஓலைத்தொடுவாயில் ஒரு முற்றத்தில் அவள் வலையைப் பார்க்காமல் அவனைப் பார்ப்பாள். பெனடிக்ற்றுக்கு அவ்வளவு ஆசை. தனக்குத் தெரிந்தது பிழையாகவும் இருக்கலாமே என்று ஒரு எண்ணமும் வந்தது. முஹைதீன் உண்மையிலேயே வெறுந்தோணியைக் கண்டிருக்கலாம். அதைக் கேட்டுவிட்டால் போகிறது. கேட்டால் மனம் ஆறிவிடும் என்றுதான் அவன் புறப்பட்டான். நல்லவனாக இருக்க வேண்டும் என்று புறப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முஹைதீன் நெல் வாங்க இலுப்பைக்கடவையில் தங்கி நிற்பதாகத் தகவல் கிடைத்தது. பெனடிக்ற் கருவாட்டு வண்டி ஒன்றில் ஏறிப் பெருநிலப் பக்கம் போனான். திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிற சனங்கள் வழியில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு வீதியும் வெயிலும்தான். முஹைதீன் கொட்டகை போன்ற ஒரு மடுவத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார்.

"என்ன எழுத்துக்காரத் தம்பி, இவ்வளவு தூரம்?"

"முஹைதீன் நானா, அண்டைக்கு நீங்கள் நிண்ட இடத்தை எனக்கு ஒருக்காக் காட்டேலுமோ?"

காட்டினார். வீதியில் ஒரு வளைவு. அங்கே நின்றால் கடல் தெரிந்தது, ஆனால் எட்டத்தில். நடுவில் சேறும் புதர் புதராகக் கண்டல் பற்றையும்.

"இங்க நிண்டுதான் கண்டனான். தோணி அந்தா, அந்தப் பத்தையடியில முட்டினது. பாங்கு சொல்லுற நேரம். நான் வண்டியை அடிச்சுக்கொண்டு போயிட்டன்."

"தோணிக்குள்ள ஆள் இல்லைத்தானே?" என்று கேட்டான் பெனடிக்ற். கேட்ட விதத்திலேயே பதிலை இரந்துகொண்டு நின்றான்.

முஹைதீன் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதை நான் எப்பிடிச் சொல்லுறது? பாய் சரிஞ்சு தோணியை மூடிக் கிடந்தது. கீழ ஆள் படுத்திருந்தாலும் இங்க நிண்டு தெரியாது. பிறகு இறங்கினாரோ, ஆரும் இறக்கினினமோ, எனக்கு என்ன தெரியும்? தோணி ஏறினதைக் கண்டனான். அதைத்தானே உங்களிட்டச் சொன்னனான்."

"நான் எழுதினது அப்பிடி இல்லை நானா."

"நீங்கள் வாசிக்கக்குள்ள நான் சொன்னதுபோலத்தானே இருந்தது?"

பெனடிக்ற் இரண்டு வாக்கியத்தையும் மெதுவாகச் சொன்னான். முதலில் எழுதியதை. பிறகு எழுதியிருக்க வேண்டியதை. அவசரப்படாமல், மேடை போட்ட குரல் இல்லாமல் சொன்னான். முஹைதீன் இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது.

"அப்ப, தோணியில ஆள் இல்லை எண்டு நான் அல்லாட பேரில சத்தியம் பண்ணியிருக்கிறன்?"

"ஓம்."

"காணாததைக் கண்டதெண்டு?"

பெனடிக்ற் தலையாட்டினான்.

"நான் நெல்லில ஒரு கொத்துக் குறைச்சு அளந்தவனில்லை தம்பி. நீங்கள் என்னைக்கொண்டு ஒரு ஆளையே குறைச்சு அளக்க வச்சிட்டியள். வாங்கோ, இப்பவே போவம். அந்தக் கடதாசி எங்க?"

மடுவத்தைப் பூட்டிவிட்டு அவரே வண்டி கட்டினார். ஓடுகிற வண்டியில் இருந்து குதித்துவிடலாம், இவரைத் தனியே போகவிட்டால் சுவாமியாரிடம் இவருக்கு விளங்கப்படுத்தத் தெரியாது, சுவாமியார் வேற்றுமை இல்லை என்று அனுப்பிவிடுவார் என்று வழியில் பெனடிக்ற்றுக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசித்த தன்னைக் கண்டு அவனுக்கு வெட்கமாக இருந்தது. குதிக்கவில்லை.

அறைவீட்டில் சுவாமியார் பொறுமையாகக் கேட்டார். முஹைதீனிடம் தனியாகக் கேள்வி கேட்டார். எங்கே நின்றீர், எவ்வளவு தூரம், உள்ளே கண்டீரா, காணவில்லையா, காணவில்லை என்றால் ஆள் இல்லை என்று தெரிந்ததா, அல்லது தெரியவில்லையா. பிறகு மூலத்தை விரித்தார். முதல் எழுதியது தெரியும்படி ஒற்றைக் கோட்டால்தான் அடிக்க வேண்டும் என்றார். பெனடிக்ற் 'தோணி'க்குப் பின்னால் இருந்த 'மட்டும்' மேல் ஒரு கோடு இழுத்தான். 'கரையேறியதை' என்பதற்குப் பின்னால் ஒரு குறி போட்டு, மேலே 'மட்டும்' என்று எழுதினான். உள்ளே ஆள் இருந்ததையோ இல்லாததையோ நான் காணவில்லை என்று சுவாமியார் கேட்டுப் பெற்ற பதிலைக் கீழே ஒரு தனி வரியாகச் சேர்த்தான். எல்லாவற்றையும் மெதுவாக வாசித்தான். முஹைதீன் திருத்திய இடத்தின் ஓரத்தில் ஒரு கையெழுத்து, அடியில் ஒரு கையெழுத்து வைத்தார். சுவாமியாரும் வைத்தார். எழுதியவனும் வைத்தான்.

"இப்பதான் இது என்ட வாய்ச்சொல்," என்றார் முஹைதீன். போகும்போது பெனடிக்ற்றின் தோளில் ஒரு முறை கையை வைத்துவிட்டுப் போனார். மன்னித்தாரா ஏசினாரா என்று தெரியவில்லை.

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை வைத்து யாழ்ப்பாணத்தில் உத்தரவு தரமாட்டார்கள். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சுவாமி."

"அந்தப் பெண்ணிடம் நீயே போய்ச் சொல். அந்த வாக்கியம் உன்னால் போனது. உன்னாலேயே திரும்பட்டும்."

ஓலைத்தொடுவாய்க்குப் போகிற மணல் வழியில் பெனடிக்ற் ஆறுதல் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனான். இவ்வளவு காலம் ஏங்கி, கடைசியில் ஒரு வழி திறந்து, அதுவும் அடைபட்டுப்போன ஒரு பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள். இன்னும் சாட்சி தேடலாம். கொஞ்சம் பொறுக்கலாம். நான் பொறுப்பேன். எவ்வளவு காலம் என்றாலும் பொறுப்பேன். அந்தக் கடைசி வாக்கியம் அவனுக்கே பிடித்திருந்தது.

அவள் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புச் சட்டையில் மணல். மாக்கிறட் கதவடியில் நின்றாள். பெனடிக்ற் கதிரை வேண்டாம் என்றுவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தன்னுடைய பிழை என்று சொன்னான். முன்னால் எழுதியதைச் சொன்னான். இப்போது எழுதியிருப்பதைச் சொன்னான். உத்தரவு வராது என்றும் சொன்னான். ஆறுதல் வார்த்தைக்கு வாயைத் திறந்தான்.

"பொறுங்கோ," என்றாள் பிரான்சிஸ்கா. கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். "அவர் தோணியைத்தான் கண்டதோ? ஆளில்லாத தோணியைக் கண்டது எண்டில்லை?"

"இல்லை. தோணி கரையேறினதை மட்டும்தான் கண்டவர். உள்ள என்ன எண்டு அவருக்குத் தெரியாது."

"பாய் மூடிக் கிடந்ததோ?"

"ஓம்."

"அப்ப அவர் உள்ள கிடந்திருக்கலாம்."

பெனடிக்ற் கடல் பக்கம் பார்த்தான்.

"சொல்லுங்கோ. உள்ள இருந்து இறங்கிப் போயிருக்கலாம். அப்பிடித்தானே? இருக்கலாம்தானே?"

கடல் அறிந்த எவரும் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இத்தனை வருடமாக ஒருவன் வந்து சேராமல் இருப்பானா என்று கேட்கலாம். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. அந்த வாக்கியம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்றுதான் அவள் கேட்டாள். அதற்கு ஒரு பதில்தான் இருந்தது.

"இருக்கலாம்," என்றான்.

பிரான்சிஸ்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பெனடிக்ற் அந்த முகத்தை அதற்கு முன் கண்டதில்லை. எத்தனை வருடம் மேசைக்கு எதிரே இருந்து அவன் பார்த்தது வாடிய முகம். ஓம் என்று சொன்ன நாள் பார்த்தது களைத்த முகம். இது புதுப் பெண்ணின் முகம். கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது, வாய் சிரித்தது. இந்த முகம் ஒரு முறை தன் பக்கம் திரும்பாதா என்றுதான் அவன் ஏங்கினான். இதோ திரும்பிவிட்டது, அவன் கொண்டுவந்த செய்தியால்தான் திரும்பியது. அவனுக்காக இல்லை.

"மாக்கிறட்!" என்று கத்தினாள். "மச்சாள், கேட்டியளோ? அவர் செத்தவர் எண்டு ஒருத்தரும் காணேல்லையாம்!"

மாக்கிறட் பெனடிக்ற்றைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. பாவம், அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கருவாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிரான்சிஸ்கா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். இதற்கு முன் அவ்வளவு கிட்ட வந்ததில்லை.

"நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அவர் சொன்னது இதுதான்," என்றான். வழி முழுக்கச் சேர்த்துவந்ததெல்லாம் ஒன்றும் உதவவில்லை.

"உங்களைக் காத்திருக்க வச்சிட்டன். எனக்கு விளங்குது," என்றாள். குரல் தாழ்ந்தது. "ஆனால் நான் போகவேணும். அந்தப் பத்தையடிக்கு, அந்தக் குடியளுக்கு. முந்திப் போனபோது தோணி எப்பிடிக் கிடந்தது எண்டுதான் கேட்டனான். ஆராவது நடந்து போனவையோ எண்டு நான் கேக்கவே இல்லை. மாக்கிறட் மச்சாளும் வருவா. வண்டி பேசித் தாறியளோ?"

"தாறன்."

"நீங்களும் வாறியளோ? எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. நீங்கள் எண்டால் சரியாக் கேப்பியள், சரியா எழுதுவியள்."

அவளோடு ஒரே வண்டியில், அந்த நீண்ட வெயில் வீதியில், அவள் பக்கத்தில் இருக்க. புருவத்தில் தழும்பும் கோணல் சிரிப்புமாக ஒருவனை இந்த வழியில் கண்டீர்களா என்று வீடு வீடாகக் கேட்க.

"வாறன்," என்றான் பெனடிக்ற்.